தர்ஷினிக்கு: உன் செவனிங் கடிதம் பற்றி

அன்பின் தர்ஷினி,

பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசில் பற்றி உனக்கு வந்து, நீ எனக்கு அனுப்பிய கடிதத்தை இரண்டு தரம் ஆறுதலாக வாசித்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு. ஆனால் திங்கட்கிழமை வேலையை விடப்போகிறாய் என்று அம்மா சொன்னா. தயவுசெய்து கொஞ்சம் பொறு.

முதல் பந்தியிலேயே ‘கண்டிஷனல்’, அதாவது நிபந்தனையோடு, என்று ஒரு சொல் கிடக்கிறது, பார். உனக்கென்று இடத்தை ஒதுக்கிவிட்டார்கள். இன்னும் கையில் தரவில்லை. நீ விண்ணப்பத்தில் போட்ட மூன்று படிப்புகளில் ஒன்றுக்காவது நிபந்தனை இல்லாத அனுமதி வரவேண்டும், அதுவும் கடிதத்தில் குறித்த திகதிக்குள். உனக்கு வந்திருக்கும் அனுமதி ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனையில் 7 கேட்கிறது. உன்னிடம் இருப்பது 6.5. அதனால் இன்றைக்கே மறுபடி சோதனைக்குப் பதி. கேம்பஸில் பெறுபேற்றுப் பத்திரத்துக்கும் நாளைக்கே விண்ணப்பம் கொடு. எனக்கு அது கைக்கு வர ஐந்து கிழமை எடுத்தது. விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.

படிப்புக் கட்டணம், மாதக் கொடுப்பனவு, போய்வரும் விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதக் காசு ஒரு ஆள் சிக்கனமாக இருக்கக் காணும், அவ்வளவுதான்.

கேசவனைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாய். 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுகலை மாணவர்கள் துணையை அழைத்துப்போக முடியாது. உனக்கு வருவது அரசாங்கப் புலமைப்பரிசில் என்பதால் அந்தத் தடை இல்லை. ஆனால் அவருடைய செலவில் ஒரு சதமும் செவனிங் தராது. விசாக் கட்டணத்தைத் தவிர, சுகாதாரக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 776 பவுண்ஸ். இரண்டு பேரும் இருந்து கணக்குப் பாருங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். படிப்பு முடிந்ததும் இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். மீறினால் செலவழித்த காசைத் திருப்பிக் கேட்பார்கள். “அங்கே போனபிறகு விசாவை மாத்தலாம்” என்று கனடா மாமா சொல்வதை நம்பாதே. அரசாங்கக் காசில் முழுதாகப் படித்தவர், படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் அங்கேயே தங்க விசா கேட்டால், காசு தந்தவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் காட்ட வேண்டும். திரும்பிப் போ என்று எழுதி வாங்கியவர்கள் அதை இலேசில் தரமாட்டார்கள். கனடாவில் போய் இருந்தாலும் இந்த இரண்டு வருடம் கழியாது.

இதை உன்னைப் பயப்படுத்தச் சொல்லவில்லை. முல்லைத்தீவில் மீனவப் பெண்களோடு செய்யும் வேலையைத்தான் நேர்முகத்தில் சொன்னாய். அதற்காகத்தான் உன்னைத் தெரிவு செய்தார்கள். அந்த இரண்டு வருடம் உனக்குச் சுமையா, இல்லையா என்று கையொப்பம் வைக்க முன்னமே கேசவனோடு பேசித் தீர்மானி.

வேலையை விடாதே, ஒரு வருடச் சம்பளமில்லா லீவு கேள். உறுதிக் கடிதம் வந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம். சனிக்கிழமை பின்னேரம் கோல் எடு, கையொப்பப் பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
வாசுகி அக்கா