நேர்முகத் தேர்வு உறுதி: கணக்கு உதவியாளர் பணி, மார்ச் 12 வியாழன் காலை 10.30, மஞ்சக்குப்பம், கடலூர்

செல்வி சிவரஞ்சனி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று போனில் பேசியபடி, எங்கள் முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு உங்களை அழைக்கிறோம். நாள்: 2026 மார்ச் 12, வியாழக்கிழமை. நேரம்: காலை 10.30. பத்தேகாலுக்கு வந்துவிட்டால் சான்றிதழ்களைப் பார்த்து முடித்துவிடலாம்.

இடம்: கதவு எண் 14, முதல் மாடி, தலைமை தபால் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இரண்டாவது தெரு, மஞ்சக்குப்பம், கடலூர். கீழே மருந்துக்கடை இருக்கும். பக்கத்துப் பச்சைக் கேட் வழியாக மாடிக்கு வாருங்கள். பண்ருட்டியில் இருப்பது எங்கள் குடோன் மட்டும்தான், அங்கே போய்விட வேண்டாம்.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் முதுநகர் தாண்டி, திருப்பாதிரிப்புலியூரில் உள்ள கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டினால் மஞ்சக்குப்பம். டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ ஏறி 'தலைமை தபால் நிலையம்' என்று கேட்டால் போதும். ரயிலில் வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து வரும்போது கடலூர் துறைமுகம் ஜங்ஷன்தான் முதலில் வரும். பலர் பெயரைப் பார்த்து அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் இறங்க வேண்டியது அடுத்து வரும் திருப்பாதிரிப்புலியூர். டிக்கெட்டில் TDPR என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை ஒருவர் துறைமுகத்தில் இறங்கி, அரக்கப்பரக்க ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கொண்டுவர வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பி.காம் மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், டேலி படித்த சான்றிதழ், ஆதார், பான் கார்டு. இவற்றில் அசலும் ஒரு செட் ஜெராக்ஸும் வேண்டும். ஜெராக்ஸில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும், கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைய வேண்டாம். இதோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு, பயோடேட்டா ஒரு பிரதி, இப்போது வேலை செய்யும் கடையின் அனுபவக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது. ரொக்கமாகச் சம்பளம் வாங்குவதாகச் சொன்னீர்கள், அதனால் ரசீது இல்லாவிட்டால் பரவாயில்லை. கடையில் தெரியக்கூடாது என்று நினைத்தால் அனுபவக் கடிதத்தையும் இப்போது கேட்க வேண்டாம், வேலை உறுதியான பிறகு தரலாம்.

அசல்களைப் பார்த்தவுடன் உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். எங்கள் அலுவலகத்தில் யாருடைய சான்றிதழையும் பிடித்து வைப்பதில்லை. ஏதாவது ஒன்று கைவசம் இல்லை என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். டிஜிலாக்கரில் இருந்தால் போனில் காட்டினாலும் ஏற்றுக்கொள்வோம்.

தேர்வு இரண்டு பகுதியாக இருக்கும். முதலில் முக்கால் மணி நேரம் டேலியில் உட்கார்ந்து, நாங்கள் தரும் கொள்முதல் பில்களையும் விற்பனை பில்களையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு முதலாளியும் நானும் அரை மணி நேரம் பேசுவோம். மார்ச் முதல் மே வரை முந்திரி சீசன். விவசாயிகளிடமிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வரும். உடைக்காத கொட்டையை நேரடியாக விவசாயியிடம் வாங்கும்போது ஜிஎஸ்டியை வாங்குகிற நாங்கள்தான் கட்ட வேண்டும், அதாவது ரிவர்ஸ் சார்ஜ். அந்தப் பதிவை எப்படிப் போடுவது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், கண்டிப்பாகக் கேட்போம். துணிக்கடைக் கணக்கில் உங்களுக்கு இது வந்திருக்காது, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். ஆங்கிலத்தில் பேச வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு மணிக்குள் முடிந்துவிடும். அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் உட்கார இடம் இருக்கிறது.

இந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது டெபாசிட், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

தொடர்புக்கு: 04142 - 100 214, திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 முதல் மாலை 6 மணி வரை. கலைச்செல்வி என்று கேளுங்கள். தேர்வு நாளன்று காலை 8 மணியிலிருந்தே எடுப்பேன். வழி தெரியாவிட்டாலும், பஸ் தாமதமானாலும் கூப்பிடுங்கள், அரை மணி நேரம் வரை காத்திருப்போம்.

செவ்வாய்க்கிழமை, 10ஆம் தேதி, மாலை 5 மணிக்குள் இந்தச் செய்திக்கே 'வருகிறேன்' என்று ஒரு வரி பதில் போடுங்கள். அன்றைக்கு வர முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள், சனிக்கிழமை 14ஆம் தேதி காலைக்கு மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கலைச்செல்வி
நிர்வாகப் பிரிவு, மஞ்சக்குப்பம் அலுவலகம்
07.03.2026