வண்டிக் கடன் தவணை அறிவிப்பு: பழைய வாசகமும் மாற்றி எழுதியதும்

கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

இரு சக்கர வாகனக் கடனில் இரண்டு தவணை தவறியவர்களுக்கு ஆரணி கிளையிலிருந்து போகும் அறிவிப்பை நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதியிருக்கிறேன். ஒப்பிட வசதியாகப் பழையதை மேலே வைத்திருக்கிறேன். மாதிரிக்கு, ஜூலை, ஆகஸ்டு தவணை நின்றுபோன ஒரு கணக்கை எடுத்துக்கொண்டேன்.

இப்போது போய்க்கொண்டிருப்பது

பொருள்: இரு சக்கர வாகனக் கடன் – நிலுவைத் தவணைத் தொகை செலுத்தக் கோருதல் – தொடர்பாக.

மேற்காண் பொருள் தொடர்பாக, தாங்கள் எம் நிறுவனத்திடமிருந்து பெற்றுள்ள கடனுக்காக ஒப்பந்த ஷரத்துகளின்படி பிரதி மாதம் 5ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டிய தவணைத் தொகையானது கடந்த இரு மாதங்களாகச் செலுத்தப்படாமல் நிலுவையில் உள்ளமை எமது கணக்கேடுகளின் பரிசீலனையில் தெரியவந்துள்ளது. எனவே, இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 7 தினங்களுக்குள் நிலுவைத் தொகையினையும் அதன்பேரில் விதிக்கத்தக்க அபராத வட்டியினையும் தவறாது செலுத்துமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது. தவறும் பட்சத்தில் மேற்படி வாகனம் முன்னறிவிப்பின்றிக் கையகப்படுத்தப்படும் என்பதும், அதனால் ஏற்படும் செலவினங்கள் யாவற்றிற்கும் தாங்களே முழுப் பொறுப்பாவீர்கள் என்பதும் இதன்வழி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

இதை முழுக்கப் படித்தாலும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியாது. தொகையே இல்லை! எங்கே கட்டுவது, யாரைக் கேட்பது என்பதும் இல்லை. கவுன்டருக்கு வருகிற பாதிப் பேர் கடிதத்தை நீட்டி “இதுல என்ன போட்டிருக்கு?” என்றுதான் கேட்கிறார்கள்.

மாற்றி எழுதியது

18 ஆகஸ்டு 2025, ஆரணி

உங்கள் வண்டிக் கடன்: இரண்டு மாதத் தவணை பாக்கி இருக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

வணக்கம். எங்களிடம் நீங்கள் வாங்கிய இரு சக்கர வாகனக் கடனுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதத் தவணைகள் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு முறையும் 5ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முயன்றோம். கணக்கில் போதுமான இருப்பு இல்லை என்று வங்கி திருப்பிவிட்டது.

நீங்கள் கட்ட வேண்டிய தொகை:

ஜூலை தவணை: ரூ.3,240
ஆகஸ்டு தவணை: ரூ.3,240
தாமதக் கட்டணம் (தவணைக்கு ரூ.120 வீதம்): ரூ.240
மொத்தம்: ரூ.6,720

இந்தத் தொகையை ஆகஸ்டு 29, வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். செப்டம்பர் தவணை இதில் சேரவில்லை. அதற்கு வழக்கம்போல 4ஆம் தேதியே கணக்கில் ரூ.3,240 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பியதற்காக உங்கள் வங்கி தனியாக ஏதாவது பிடித்திருந்தால், அது வங்கியின் கட்டணம். மேலே உள்ள கணக்கில் அது கிடையாது.

கிளைக்கு வந்து ரொக்கமாகக் கட்டலாம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் மாலை 4 மணி வரையும், சனிக்கிழமை மதியம் 1 மணி வரையும் கவுன்டர் திறந்திருக்கும். 27ஆம் தேதி புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, அன்று விடுமுறை. நீங்கள் வர முடியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது தவணை அட்டையைக் கொடுத்தனுப்பினால் போதும். போனிலேயே கட்டுவதாக இருந்தால், தவணை அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் கியூஆர் கோடை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். எப்படிக் கட்டினாலும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட முடியாத நிலையா? வேலை இல்லாமல் போயிருக்கலாம், மருத்துவச் செலவு வந்திருக்கலாம், நெல் போட்ட பணம் கைக்கு வராமல் இருக்கலாம். தயங்காமல் 29ஆம் தேதிக்கு முன்பே வந்து சொல்லுங்கள். முதலில் ஒரு தவணை, மீதிக்கு ஒரு தேதி என்று பேசி எழுதிக்கொள்ளலாம்.

பணமும் கட்டாமல், எங்களிடம் பேசவும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தாமதம் உங்கள் சிபில் பதிவில் ஏறும். பிறகு எந்த வங்கியில் கடன் கேட்டாலும் அதைப் பார்ப்பார்கள். பாக்கி தொடர்ந்தால், ஒப்பந்தத்தில் உள்ளபடி வண்டியைத் திரும்ப எடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் அதற்கு முன் தனியாக எழுத்தில் அறிவிப்பு அனுப்புவோம், பணம் கட்டக் கடைசி வாய்ப்பும் தருவோம். இந்தக் கடிதம் அந்த அறிவிப்பு இல்லை.

எங்கள் ஆள் வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த கடிதமும் கையில் இருக்கும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ பாக்கி கேட்டு உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி, யுபிஐ பின் நம்பர் இரண்டையும் நாங்கள் கேட்கவே மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் ரசீதுடன் கிளைக்கு வாருங்கள். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

இந்தக் கடிதம் வருவதற்குள் பணத்தைக் கட்டியிருந்தால், நன்றி. இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கிளை மேலாளர், ஆரணி

உங்கள் பார்வைக்கு இரண்டு விஷயங்கள்

‘முன்னறிவிப்பின்றி’ என்பதை எடுத்துவிட்டேன். தலைமை அலுவலகத்தில் கேட்டால், மிரட்டலைக் குறைக்க எடுத்தது மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. அப்படியிருக்க நாமே அதற்கு எதிராக அச்சடித்துக் கொடுப்பது வம்பு. அதேபோல அபராத வட்டி. 2023 ஆகஸ்டு சுற்றறிக்கைக்குப் பிறகு தாமதத்துக்குக் கட்டணம்தான் போடலாம், வட்டியாகப் போட முடியாது, அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் ஏற்றக் கூடாது. கணினியில் சரியாகத்தான் ஏறுகிறது. பழைய தாளில்தான் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

ஏழு நாள் என்றிருந்ததைத் தேதியாகப் போட்டிருக்கிறேன். தபால் என்றைக்குக் கைக்கு வந்தது என்று சண்டை வேண்டாமே. கடிதம் நீண்டுவிட்டது என்று நீங்கள் நினைத்தால் 14448 பத்தியைப் பின்பக்கத்துக்கு மாற்றலாம், ஆனால் எடுக்க வேண்டாம். தொகையும் தேதியும் மட்டும் பெரிய எழுத்தில் வரட்டும்.

கடிதம் போகும் அன்றே போகவேண்டிய குறுஞ்செய்தி:

வணக்கம். உங்கள் வண்டிக் கடனில் ஜூலை, ஆகஸ்டு தவணை பாக்கி, தாமதக் கட்டணத்துடன் ரூ.6,720. ஆகஸ்டு 29க்குள் கட்டிவிடுங்கள். சிரமம் இருந்தால் முன்பே கிளையில் பேசுங்கள். கட்டியிருந்தால் நன்றி. – ஆரணி கிளை