அலுவலக நெட்வொர்க்: ஒப்படைப்புக் குறிப்பு

பெறுநர்: செயலாளர் அவர்கள், அறக்கட்டளை அலுவலகம், கானாடுகாத்தான்
நகல்: கணக்கர், மாலை வகுப்புப் பொறுப்பாளர்

ஐயா, வணக்கம்.

முதலில் ஒன்று: இந்த வீட்டில் "நெட் ஸ்லோ" என்றால் பெரும்பாலும் வெளி லைனில் கோளாறு இருக்காது. சுவரோ, நம் கேபிளோதான் காரணம். லைன்காரருக்குப் போன் போடுமுன் கணக்கர் கணினியில் (அது வயரில் இருக்கிறது) இந்த இரண்டையும் பாருங்கள்:

```
ping 192.168.10.1
ping 8.8.8.8
```

முதலாவது 1, 2 மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். அதுவே இழுத்தால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது 200, 300 என்று ஏறினால், யாரோ பெரிதாக எதையோ மேலே ஏற்றுகிறார்கள். இரண்டாவது பதிலே வராமல், ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கும் எரிந்தால் மட்டும் லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

அமைப்பு

தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் முகப்பின் இடப்பக்க அறைக்கு வருகிறது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர் (192.168.10.1), 8 போர்ட் சுவிட்ச் மூன்றும் அங்கே மர அலமாரியின் மேல்தட்டில், ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. அந்த யுபிஎஸ்ஸில் பிரிண்டரை மாட்டக் கூடாது. லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது.

சுவிட்ச் போர்ட்டுகள்: 1 ரவுட்டர், 2 கணக்கர் கணினி, 3 பிரிண்டர் (192.168.10.20), 4 கேமரா ரெக்கார்டர் (192.168.10.30), 5 இரண்டாம் கட்டு வைஃபை பெட்டி (192.168.10.2), 6 பின்கட்டு வகுப்பறை. 7, 8 காலி. அலமாரியில் ஒரு வயர் நுனி சும்மா தொங்கினால் அதைக் காலிப் போர்ட்டில் சொருகி விடாதீர்கள். ஒரே வயரின் இரு முனையும் ஒரே சுவிட்சில் மாட்டிக்கொண்டால் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும், வீடு முழுக்க நெட் நின்றுவிடும். 7, 8இல் புதிதாக இருப்பதைப் பிடுங்கினால் சரியாகும்.

மற்ற கருவிகளுக்கு ரவுட்டர்தான் 100 முதல் 200 வரை எண் கொடுக்கிறது. இரண்டாம் கட்டுப் பெட்டியில் அந்த வேலையை (`DHCP Server`) அணைத்து வைத்திருக்கிறேன். அதை ரீசெட் செய்தால் மறுபடி அணைக்க வேண்டும். விட்டால் சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது.

மெதுவான இடங்கள்

வளவு. முகப்பு ரவுட்டர் சேனல் 1, இரண்டாம் கட்டுப் பெட்டி சேனல் 11. இரண்டுக்கும் பெயர் `Arakkattalai`தான். முகப்பிலிருந்து நடந்து வரும் போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் போதும்.

பெட்டக அறை. தடித்த செங்கல் சுவர், தேக்குக் கதவு, உள்ளே இரும்புப் பெட்டி. 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே நுழையவே நுழையாது, 2.4 ஒரு கோடுதான் காட்டும். ரிப்பீட்டர் வாங்கி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி, அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். சுவருக்குள் வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கும்? அங்கே நெட் கட்டாயம் என்றால் வயர் இழுப்பதே வழி.

பின்கட்டு வகுப்பறை. இதுதான் உண்மையான தொல்லை. முகப்பிலிருந்து ஏறக்குறைய 55 மீட்டர் ஒரே கேபிள். அதிலேயே 6 கணினி, பின்வாசல் கேமரா 2. நிலைக்கதவு வளைவில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருப்பதால் 1000க்குப் பதில் 100இல் ஓடுகிறது (கிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேண்டும், நூறுக்கு 4 போதும்). பாடம் பார்க்க அது போதும். ஆனால் 6 கணினியும் ஒரே நேரத்தில் விண்டோஸ் அப்டேட் இறக்கினால் வகுப்பு நிற்கும். அப்டேட்டை வகுப்பில்லாத காலை வேளையில் ஒவ்வொன்றாக விடுங்கள்.

அதே கேபிளுக்கு வளவு மூலையில், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்தால் லைன் வந்து வந்து போகும். மழைக்கு முன்பே திறந்து பார்த்து, கறுத்த முனையை வெட்டிப் புது முனை போடச் சொல்லுங்கள். புதிதாக இழுப்பதானால் இணைப்பே இல்லாமல் 60 மீட்டர், முழுச் செம்பு கேட்-6. செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு என்று தருவார்கள். வாங்காதீர்கள், வளைத்தால் ஒடியும். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கவோ துளையிடவோ விடக் கூடாது. பழைய மின் வயர் போகும் மரப் பட்டையை ஒட்டியே கட்டினால் போதும்.

விழா நாட்கள். கீழிறக்கம் 100 எம்பிபிஎஸ், மேலேற்றம் 20தான். நான்கு பேர் போனில் படங்கள் தானாக மேலே ஏறத் தொடங்கினால் அந்த 20 நிரம்பி, கணக்கரின் வங்கிப் பக்கம்கூடத் திறக்காது. விருந்தினருக்கு `Arakkattalai-Guest` மட்டும் கொடுங்கள். அதற்கு இரு பக்கமும் 5 எம்பிபிஎஸ் வரம்பு வைத்திருக்கிறேன்.

கடவுச்சொற்கள் மூடிய உறையில் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ரவுட்டருக்கான உதிரி 12 வோல்ட் அடாப்டர், முனைகள் 20, கிரிம்பிங் கருவி, கேபிள் டெஸ்டர் ஆகியவை அலமாரியின் கீழ்த்தட்டில். இடி மின்னல் வரும்போது சுவிட்சின் 6ஆம் போர்ட் வயரைக் கழற்றிவிடுங்கள்.