மாதிரித் தேர்வுக்கும் பகுப்பாய்வு முறைக்குமான நியாயம் (திருத்திய வடிவம்)

பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒருவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்பவர்கள், கைகொடுக்க ஆள் இருந்தும் உதவி கேட்பதை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதே ஆய்வுக் கேள்வி. எத்தனை பேர் தள்ளிப்போடுகிறார்கள் என்பதல்ல. ஆகவே சமவாய்ப்பு மாதிரி இங்கே உதவாது. அந்த அனுபவம் உள்ளவர்களைத் தேடித்தான் போக வேண்டும். நோக்கம்சார் தேர்வைக் கையாண்டது அதனால்தான். குறைந்தது 6 மாதம் முதன்மைப் பராமரிப்பாளராக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொடக்க வாரங்களில் உறவினர்கள் கேட்காமலே வந்து நிற்கிறார்கள். அவர்கள் வரத்து குறைந்த பிறகுதான் கேட்பதா வேண்டாமா என்ற சிக்கல் எழுகிறது. முன்னோட்ட நேர்காணல்கள் இரண்டிலும் இது தெரிந்தது.

ஆய்வில் பங்கேற்ற 14 பேரில் 10 பேர் ஓர் இயன்முறை சிகிச்சை மையம் வழியாகக் கிடைத்தவர்கள். அங்கே வருபவர்கள் ஏற்கெனவே ஓர் உதவியைத் தேடி வந்தவர்கள்தானே! இந்தச் சாய்வு ஆய்வுக் கேள்வியின் மீதே விழுவதால், மையத்துக்கு வராத 4 பேரைப் பங்கேற்பாளர்கள் மூலமாகச் சேர்த்தேன். சாய்வு குறைந்தது, போய்விடவில்லை. யாரோடும் தொடர்பில்லாமல் தனித்துப்போனவர்கள் இதில் இல்லை. முடிவுகளும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

14 போதுமா? தரவு நிறைவு அடைந்துவிட்டது என்று நான் உரிமை கோரவில்லை. கேள்வி குறுகியது, பங்கேற்பாளர்கள் ஒரே அனுபவத்தில் இருப்பவர்கள், உரையாடல்கள் ஆழமானவை. இப்படிப்பட்ட ஆய்வுக்குச் சிறிய மாதிரி போதும் என்பது மால்டெருடும் சக ஆய்வாளர்களும் 2016இல் முன்வைத்த ‘தகவல் வலு’ வாதம்.

பகுப்பாய்வுக்கு பிரவுன், கிளார்க் இருவரின் தற்சிந்தனைக் கருப்பொருள் பகுப்பாய்வைத் தேர்ந்தேன். அடிப்படைக் கோட்பாட்டு முறை ஒரு கோட்பாட்டை நோக்கிப் போவது; அதற்குத் தரவு திரட்டலும் பகுப்பாய்வும் மாறிமாறி நடந்து, அடுத்து யாரைச் சந்திப்பது என்பதைப் பகுப்பாய்வே சொல்ல வேண்டும். இங்கே அப்படி நடக்கவில்லை, எனவே அந்தப் பெயரைச் சூட்டுவது சரியல்ல.

இரண்டாவது ஆளைக் கொண்டு குறியீடு செய்யாததற்கும், ஒப்புமை விகிதம் கணக்கிடாததற்கும் காரணம் உண்டு. “அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்ற பேச்சை முதல் சுற்றில் ‘தயக்கம்’ என்று குறித்தேன். மறுவாசிப்பில், 5 நேர்காணல்களில் அது உடன்பிறந்தவர்களின் வருமானம் பற்றிய பேச்சை ஒட்டியே வருவது தெரிந்தது. அது தயக்கமல்ல, திருப்பிச் செய்ய வேண்டிவருமே என்ற கணக்கு. ‘கடனாகும் உதவி’ என்ற கருப்பொருள் உருவானது இப்படித்தான். இருவர் முதல் குறியீட்டில் ஒத்துப்போயிருந்தால் விகிதம் உயர்ந்திருக்கும், பொருள் கைநழுவியிருக்கும். அதற்குப் பதில், ஒவ்வொரு குறியீட்டு மாற்றத்தையும் காரணத்தோடு குறிப்பேட்டில் பதிந்து, மேற்பார்வையாளரோடு விவாதித்தேன்.

முடிவுகளைப் பங்கேற்பாளர்களிடம் காட்டிச் சரிபார்க்கவில்லை. சிலர் ஒருவர் மூலம் ஒருவர் அறிமுகமானவர்கள். பெயரை மாற்றினாலும், குடும்பப் பணப் பேச்சு யாருடையது என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடக்கூடும்.