ஆண்டு விழா நன்றியுரை

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், பாயிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்கும், இடம் கிடைக்காமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். தம்பி, அந்தக் கடைசித் தூண் ஆடும், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நன்றியுரை என்று சொன்னதுமே பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கிறது. தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களை நிறுத்தி வைக்க எனக்கும் மனசில்லை. ஆனால் இந்த மேடைக்கு வராத சிலரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

முதலில் சிறப்பு விருந்தினர், எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா. வந்தவுடனே மேடை ஏறாமல், மேக்கப் போட்டுக்கொண்டிருந்த வகுப்பறைக்குள் போய், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாதி முகத்துக்குப் பவுடர் பூசியபடியே அவளும் திக்காமல் ஒரு பக்கம் வாசித்துவிட்டாள். அப்புறம் மேடையில் சுருக்கமாகப் பேசி முடித்தீர்களே ஐயா, அதற்குத் தனியாக ஒரு நன்றி, பிள்ளைகள் சார்பாக. தலைமை தாங்கிய எங்கள் தலைமையாசிரியை அம்மாவுக்கும், வாழ்த்துரை வழங்கிய முன்னாள் ஊராட்சித் தலைவர் அண்ணனுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அக்காவுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்று காலையில் கல்விச் சீர் வந்தது. மேளம் முன்னே போக, தாம்பாளத்தில் பழமும் சுவர்க்கடிகாரமும் நோட்டுப் புத்தகக் கட்டும், பின்னால் டிராக்டரில் பீரோவும் மின்விசிறியும் என்று பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டுவருகிற மாதிரியே மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து எடுத்துவந்தீர்கள். பீரோ வாங்கப் பணம் கொடுத்த அண்ணன் தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நானும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கே தெரியும், அவர் முகத்தைப் பாருங்கள், இப்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறார்.

சரி, மேடைக்கு வராதவர்களுக்கு வருகிறேன். கும்மிக்குக் கட்டியிருந்த பாவாடை எல்லாமே பழைய சேலையில் தைத்தது. பட்டுக்கோட்டையில் வாடகைக்கு எடுக்கலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர், "எதுக்கு சார் வாடகை, ஆளுக்கொரு சேலை குடுக்கச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வீடு சேலை வாங்கி, ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால் ஒவ்வொரு பாவாடையிலும் நாடாவை ஒட்டி மூன்று மடிப்பு இருப்பது தெரியும். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதுமாம். அக்கா, அது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்தக் கும்மியின் நடுவில்தான் பென்டிரைவ் மக்கர் பண்ணிப் பாட்டு நின்றுபோனது. எனக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைகள் நிற்கவில்லை, கை தட்டிக்கொண்டே தாங்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள், முன்வரிசை ஆத்தாமார்களும் சேர்ந்துகொண்டார்கள். மைக்செட் அண்ணன் பென்டிரைவை விட்டுவிட்டு ஓடிவந்து மைக்கைப் பிள்ளைகள் காலடியில் படுக்கவைத்தாரே, அதனால்தான் அந்தத் தாளம் கடைசிவரை கேட்டது. என்னைக் கேட்டால் இன்றைய நிகழ்ச்சிகளிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அடுத்த வருடம் பென்டிரைவே வேண்டாம் என்று நினைக்கிறேன், இசைப் பொறுப்பு டீச்சர் என்னை முறைக்கிறார், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்போது எட்டாம் வகுப்பு. இந்த வருடத்தோடு நம் பள்ளியை விட்டுப் போகிற இந்தப் பிள்ளைகள் 2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தது, ஊரில் தென்னை எல்லாம் சாய்ந்தது. இவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்த வகுப்பறையில் ஊர்ச்சனம் தங்கியது. அதிலிருந்து மீண்டு இரண்டாம் வகுப்பு முடிக்கிற நேரத்தில், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். மூன்றாம் வகுப்பு வீட்டிலேயே போனது. 2021 நவம்பர் 1 அன்று நாங்கள் கதவைத் திறந்தபோது இவர்கள் நாலாம் வகுப்பு. பாதிப் பேருக்கு 'ற'வும் 'ர'வும் மறந்திருந்தது.

அப்போது இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் சாயங்காலம் கோயில் திண்ணையில் பாய் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்களே இரண்டு அக்காமார், அவர்கள் இங்கேதான், புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணமாகி வெளியூர் போன ஒருவர் இதற்காகவே கைக்குழந்தையோடு வந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அம்மா, எல்லோரும் பார்க்கட்டும். இன்றைக்கு நாடகத்தில் இரண்டு பக்க வசனத்தைத் தாள் பார்க்காமல் பேசினானே அந்தப் பையன், அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நாங்கள் மட்டுமில்லை. பிள்ளைகளா, அக்காமாருக்குக் கை தட்டுங்கள், இன்னும் பலமாக.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் பள்ளிக்கு வந்தபோது அது ஐந்தாம் வகுப்புவரைதான். இவர்கள் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள், அதுவும் தப்பிப்போனது. "எங்களுக்கு மட்டும் இல்லையா சார்" என்று கேட்டுக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைத்தவர்கள் இவர்கள்தான். காலையில் பொங்கலும் உப்புமாவும் கிளறுகிற மகளிர் குழு அக்காமாருக்கும், மதியம் முட்டையை எண்ணி எண்ணிப் போடுகிற சத்துணவு அக்காமாருக்கும் நன்றி. இன்று விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் சுக்குக்காப்பியும் கொடுத்ததும் இவர்களேதான்.

சென்ற ஆண்டு நம் பள்ளியிலிருந்து தேசிய வருவாய் வழித் தேர்வில் இரண்டு பிள்ளைகள் தேர்ச்சி பெற்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும், மொத்தம் 48,000 ரூபாய். லீவு நாளில்கூட வந்து பயிற்சி கொடுத்த கணக்கு டீச்சருக்கு நன்றி. இந்த வருடம் எழுதியவர்களின் பெற்றோர் தினமும் கேட்டில் நின்று ரிசல்ட் கேட்கிறீர்கள். வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் போன் பண்ணுவோம்.

பந்தலுக்குக் கீற்று கொடுத்தவர்கள், கட்டிக்கொடுத்த முன்னாள் மாணவர்கள், டிரம்மில் தண்ணீர் நிரப்பிவைத்த அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலையில் இந்தத் திடலைப் பெருக்கப்போகிற தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு நன்றியை வாயால் சொன்னால் போதாது, சுண்டல் பொட்டலத்தையும் காகித டம்ளரையும் போகும்போதே கூடையில் போட்டுவிடுங்கள். ஒரு மாதமாகப் பாடமும் நடத்தி ஒத்திகையும் பார்த்த எங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

கடைசியாக இரண்டு விஷயம். நகை, சலங்கை, ஒட்டுமீசை எல்லாவற்றையும் மூன்றாம் வகுப்பு அறையில் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள், சலங்கை மட்டும் வாடகைச் சாமான். கிழக்குத் தெருவுக்குப் போகிறவர்களுக்கு டிராக்டர் நிற்கிறது, சின்னப் பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் ஏற்றுங்கள்.

இப்போது நாட்டுப்பண். எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மதில்மேல் இருக்கிறவர்கள் இறங்கி நில்லுங்கள் தம்பி.