தொட்டுப் பார், உற்றுக் கேள்: சத்தம் எங்கே பிறக்கிறது?

காசிமேடு மாலை வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு
சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் 5.30 வரை

போன வாரம் நாம் படித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது. நம் வகுப்பு ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடியது. "அக்கா, லாரி ஜன்னலைத் தொடவே இல்ல, அப்புறம் ஏன் ஆடுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் உடனே சொல்லப்போவதில்லை. நீயே கண்டுபிடிக்கப் போகிறாய்.

நாலு நாலு பேராக உட்காருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 30 செ.மீ பிளாஸ்டிக் ஸ்கேல், மெல்லிய ரப்பர் பேண்டு இரண்டு, தடியான ரப்பர் பேண்டு ஒன்று, மூடி இல்லாத டிபன் பாக்ஸ், காலி பால் பவுடர் டப்பா, ஒரு பெரிய பலூன், ஒரு சிட்டிகை ரவை, எவர்சில்வர் தட்டு, கரண்டி. நோட்டும் பென்சிலும் உன்னுடையது.

ஒரே ஒரு கண்டிப்பு: ரப்பர் பேண்டை யார் முகத்துக்கு நேராகவும் இழுக்கக் கூடாது. அறுந்தால் கண்ணில் பட்டுவிடும்.

முதலில் உன் தொண்டை

இரண்டு விரலைத் தொண்டையில் மெதுவாக வை. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று சொல். அப்புறம் பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியம் சொல்வது போல, குரல் எழுப்பாமல், உன் பெயரைச் சொல்.

எப்போது விரலுக்குள் குறுகுறுவென்று இருந்தது? எப்போது இல்லை? "ம்ம்ம்" சொல்வதை நிறுத்தியதும் அந்தக் குறுகுறுப்பு என்ன ஆனது?

இதை நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்கு வா.

ஸ்கேல் ஆடுகிறது

ஸ்கேலை மேஜை ஓரத்தில் வை. 25 செ.மீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உள்ளே இருக்கும் பகுதியை இடது கையால், மேஜை விளிம்பை ஒட்டி, நன்றாக அழுத்திப் பிடி. சரியாக அழுத்தாவிட்டால் ஸ்கேல் மேஜையில் மோதி "டக டக" என்று சத்தம் போடும். நமக்கு வேண்டியது அந்தச் சத்தம் இல்லை.

வலது கை விரலால் ஸ்கேலின் நுனியை இரண்டு விரல் அகலம் கீழே தள்ளிவிட்டு, சட்டென்று விடு. ரொம்ப வளைக்காதே, உடைந்துவிடும்.

25 செ.மீ இருக்கும்போது ஸ்கேல் மேலும் கீழும் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறதா? காதுக்கு ஏதாவது கேட்கிறதா?

இப்போது 20 செ.மீ வெளியே வை. பிறகு 15, 10, கடைசியில் 5. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுது: ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்ததா, சத்தம் கட்டைக் குரலா, கீச்சுக் குரலா. எழுத வராவிட்டால் படம் போடு. மெதுவான ஆட்டத்துக்குப் பெரிய அலை, வேகமான ஆட்டத்துக்கு நெருக்கமான குட்டி அலை.

ஒருவர் ஸ்கேலைத் தட்டும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். சத்தத்தை மட்டும் வைத்து "இது 10, இது 5" என்று சொல்ல முடிகிறதா? இரண்டு பேர் பதில் வேறு வேறாக வந்தால் இரண்டையும் எழுது. அழிக்காதே. இன்னொரு தடவை செய்து பார்த்து, அந்தப் பதிலையும் கீழே எழுது.

அடுத்து, 10 செ.மீ-யிலேயே வைத்துக்கொண்டு, ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை கொஞ்சம் பலமாகவும் தட்டு. சத்தம் கூடியதா? குரல் கீச்சென்று மாறியதா, அல்லது அதே குரல்தான் இன்னும் உரக்கக் கேட்டதா? இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்று இல்லை. நிதானமாகக் கேள்.

*எழுதி முடித்த பிறகு படி:* நீளமாக நீட்டிய ஸ்கேல் மெதுவாக ஆடும். ஒரு நொடிக்குள் 20 தடவைக்கும் குறைவாக ஆடும் ஒன்றை நம் காது சத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் 25 செ.மீ-யில் கண்ணுக்கு ஆட்டம் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஸ்கேலைக் குறைக்கக் குறைக்க ஆட்டம் வேகமாகிறது. ஓடும் ஃபேன் இறக்கை மாதிரி கலங்கலாகத் தெரியும், ஆனால் "ட்ர்ர்ர்" என்று காதில் விழும். இந்த வேகமான ஆட்டத்துக்குப் பெயர் அதிர்வு. வேகமாக அதிர்ந்தால் கீச்சுக் குரல், மெதுவாக அதிர்ந்தால் கட்டைக் குரல். பலமாகத் தட்டினால் ஆட்டம் அகலமாகும், சத்தம் உரக்க வரும். குரல் ஏறாது.

ரப்பர் பேண்டு பாடுகிறது

டிபன் பாக்ஸின் வாய்க்குக் குறுக்கே ஒரு மெல்லிய ரப்பர் பேண்டையும் தடியான ரப்பர் பேண்டையும் மாட்டு. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒவ்வொன்றாக மீட்டு.

எது கட்டைக் குரலில் பேசுகிறது? மீட்டிய ரப்பர் பேண்டைப் பக்கவாட்டில் குனிந்து பார். ஒரு கோடாகத் தெரிகிறதா, இரண்டு கோடாகத் தெரிகிறதா? சத்தம் வரும்போதே விரலால் தொட்டால் என்ன ஆகிறது?

இப்போது மெல்லிய ரப்பர் பேண்டின் நடுவில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தி, ஒரு பக்கத்தை மட்டும் மீட்டு. குரல் ஏறியதா, இறங்கியதா? ஸ்கேலில் பார்த்தது நினைவிருக்கிறதா?

அடுத்து, டிபன் பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ரப்பர் பேண்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இழு. மேலே இருக்கும் நீளம் மாறாது, இறுக்கம் மட்டும் கூடும். இழுத்தபடியே மீட்டு. குரல் எந்தப் பக்கம் போகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். டிபன் பாக்ஸை ஓரமாக வை. இன்னொரு மெல்லிய ரப்பர் பேண்டை எடுத்து, உன் இரண்டு ஆள்காட்டி விரலுக்கு நடுவே மாட்டிக்கொள். செய்வதற்கு முன்பே எழுது: நன்றாக அகலமாக இழுத்தால் குரல் நிறைய ஏறுமா, கொஞ்சம் ஏறுமா, இறங்குமா? எழுதியாயிற்றா? சரி, உன் தோழி மீட்டட்டும், நீ மெல்ல மெல்ல இழு.

நிறைய ஏறும் என்று எழுதியவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். ஆனால் குரல் எதிர்பார்த்த அளவுக்கு ஏறியிருக்காது. ஏன் என்று இரண்டு நிமிடம் குழுவுக்குள் பேசுங்கள். ஒரு துப்பு தருகிறேன்: விரலை அகட்டும்போது இறுக்கம் மட்டுமா கூடியது? வேறு எதுவும் கூடவில்லையா?

டப்பா மேளம்

பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பால் பவுடர் டப்பாவின் வாயில் இறுக்கமாக இழுத்து மாட்டு. மேலே ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு. வெட்டும் வேலையை அக்கா செய்து தருவேன். மேலே ரவையைத் தூவு.

பென்சிலின் பின்பக்கத்தால் பலூனின் ஓரத்தில் தட்டு. ரவை என்ன செய்கிறது? நீ தட்டிய இடத்தில் இருக்கும் ரவை மட்டும்தான் குதிக்கிறதா? மெதுவாகத் தட்டினால் எவ்வளவு உயரம், பலமாகத் தட்டினால் எவ்வளவு உயரம்?

இப்போது டப்பாவைத் தொடாதே. எவர்சில்வர் தட்டை டப்பாவுக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கரண்டியால் ஒரே அடி. ரவையைப் பார். தட்டு அதைத் தொட்டதா? அப்படியானால் அதை யார் தள்ளியது? அடித்ததும் தட்டை இன்னொரு கையால் இறுகப் பிடித்தால் சத்தம் என்ன ஆகிறது?

ஜன்னல் கம்பி ஆடியது ஏன் என்று இப்போது உன் சொந்த வார்த்தையில் எழுது. தட்டு அதிர்ந்தால் சுற்றியுள்ள காற்றும் அதிரும், அந்தக் காற்று பலூனைத் தள்ளும். லாரி அதிர்ந்தால் காற்று மட்டும் இல்லை, ரோடும் தரையும் சுவரும்கூட அதிரும்.

கடைசி அரை மணி நேரம் வெளியே வாசலுக்குப் போகிறோம். பக்கத்துத் தெருவில் பறை அடிக்கும் மாமா வருகிறார். பறை என்றால் சாவு வீட்டு வாத்தியம் என்று சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து அதிர்வைப் புரியவைக்க அதைவிட நல்ல கருவி இல்லை, அதை அடிப்பவருக்கு இந்தப் பாடம் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் வந்ததும் வணக்கம் சொல்லுங்கள். கையில் இரண்டு குச்சி வைத்திருப்பார்: குட்டையாகத் தடியாக இருப்பது அடிக்குச்சி, நீளமாக மெல்லியதாக இருப்பது சிண்டுக்குச்சி. இரண்டும் ஒரே மாதிரி சத்தம் தருகிறதா என்று கேள்.

முதலில் பறையைக் காய்ச்சாமல் அடித்துக் காட்டுவார். பிறகு நெருப்பில் காட்டிக் காய்ச்சி அடிப்பார். நெருப்புக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, நான் கோடு போட்ட இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

காய்ச்சுவதற்கு முன் சத்தம் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது? கடல் காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும். சூடு பட்டால் ஈரம் போய்த் தோல் என்ன ஆகும்? டிபன் பாக்ஸில் ரப்பர் பேண்டை என்ன செய்தபோது இதே மாதிரி ஆனது?

மாமாவிடம் கேட்க ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொள்.

உதவிக்கு வரும் அண்ணன் அக்காக்களுக்கு மட்டும்

"அதிர்வு" என்ற வார்த்தையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஆடுது, நடுங்குது, கூசுது என்று பிள்ளைகள் சொல்வதையே எழுதவிடுங்கள். ஸ்கேல் சோதனையை முடித்த பிறகு அந்தப் பெயர் கிடைத்தால் போதும்.

விரல்களுக்கு நடுவே ரப்பர் பேண்டை இழுக்கும் சோதனையில் குழப்பம் வரும். நீளம் கூடினால் குரல் இறங்கும், இறுக்கம் கூடினால் ஏறும். இழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே கூடுவதால் ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. பிள்ளைகள் "நீளமும் கூடிச்சு" என்று தாங்களாகக் கண்டுபிடிக்கும் வரை பொறுங்கள். இந்த வாரம் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த வாரம் பார்ப்போம்.

காது சரியாகக் கேட்காத பிள்ளை குழுவில் இருந்தால், ஊதிக் கட்டிய பலூனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பறைக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடியும் கைக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள், எல்லோருக்கும் கொடுங்கள்.

வீட்டில் செய்ய

நாளைக்குத் தண்ணீர் பிடிக்கும்போது குடத்துப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நில். குடம் காலியாக இருக்கும்போது என்ன குரல்? பாதி நிரம்பியதும் என்ன குரல்? வழியப்போகிறது என்று பார்க்காமலே சொல்ல முடிகிறதா? அம்மாவோ ஆயாவோ எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வா.

அப்புறம் இதையும் யோசித்து வா: தண்ணீர் ஏற ஏற, குடத்துக்குள் எது குறைந்துகொண்டே போகிறது?