சிறிய தீக்காயம்: சுவரொட்டியின் படிகள் தமிழில், விளக்கத்துடன்

நமது தேயிலைத் தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் சுவரொட்டி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் படிகளைத் தமிழில் கீழே தந்திருக்கிறேன். டிரையர் பக்கம் நிற்பவர்களும் கேண்டீனில் பால் காய்ச்சுபவர்களும் அவசியம் படியுங்கள். வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

1. சூட்டிலிருந்து உடனே விலகுங்கள்.
2. காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.
3. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள்.
4. ஐஸ், எண்ணெய், வெண்ணெய், பற்பசை எதையும் வைக்காதீர்கள்.
5. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
6. நூல் பிரியாத சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.
7. வலிக்குப் பாரசிட்டமால் போதும்.
8. காயம் பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவற்றில் இரண்டாவது படிதான் உயிர்நாடி. நம்மவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவதும் அதைத்தான். கொதிக்கும் பால் கையில் கொட்டி, பால் வழிந்து போன பிறகும் சூடு தோலுக்குள்ளேயே நின்று அடுத்த அடுக்கைச் சுட்டுக்கொண்டிருக்கும். அதை வெளியே இழுப்பது தண்ணீர்தான். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் அடங்கியது போலத் தோன்றும். கையை எடுத்த சிறிது நேரத்தில் மறுபடியும் காந்தும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் முடியும்வரை எடுக்காதீர்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளியில் மொண்டு, குவளையால் விடாமல் ஊற்றுங்கள். நேரம் கடந்துவிட்டதே என்றும் விட்டுவிட வேண்டாம். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது ஊற்றினாலும் பயன் உண்டு.

கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ போய்ச் சேர நமக்கு எத்தனை வளைவுகள்! அதனாலேயே சிலர் சுட்ட கையோடு வண்டியைத் தேடி ஓடுகிறார்கள். சிறிய காயமென்றால் தண்ணீரை முடித்துவிட்டே கிளம்புங்கள். அந்த 20 நிமிடம் செய்யும் வேலையை வழியில் எந்த மருந்தும் செய்யாது.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலையில் குழாய்த் தண்ணீரே விரல்களை மரக்கச் செய்யும். அப்போது கொஞ்சம் வெந்நீர் கலந்து, தாங்கக்கூடிய குளிர்ச்சிக்குக் கொண்டுவாருங்கள், வெதுவெதுப்பாக்கிவிடக் கூடாது. காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். குழந்தைகளுக்கு உடல் சூடு வேகமாகக் குறைந்துவிடும் என்பதால் இதில் கவனம் தேவை. குளிர்ச்சி நல்லதுதானே என்று ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைத்திருக்கும் தோலும் கெட்டுப்போகும்.

இனி நீலகிரித் தைலம். சளிக்கும் மூட்டு வலிக்கும் தேய்க்கும் பழக்கத்தில், சுட்ட இடத்திலும் அதைத் தடவுகிற வீடுகள் இங்கே உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெந்த தோலை அது மேலும் எரிக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. மஞ்சள், மை, பற்பசை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் இதே கணக்குதான். காயத்தின் ஆழம் தெரியாமல் மறைத்துவிடும். பிறகு மருத்துவர் அதைச் சுரண்டிக் கழுவும்போது படுகிற வேதனை பெரிது. எண்ணெயும் வெண்ணெயும் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும்.

கொப்புளத்தின் மேல்தோல் உடம்பே போட்டுக்கொண்ட கட்டு. அதைக் குத்தினால் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறோம். மூடுவதற்குத் துணி இல்லையென்றால் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் நல்லது, காயத்தில் ஒட்டாது. சுருளின் முதல் சுற்றை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைக் காயத்தின் மேல் விரியுங்கள். கையைச் சுற்றி இறுக்கினால், வீங்கும்போது ரத்த ஓட்டம் தடைபடும். பஞ்சு வேண்டவே வேண்டாம்.

எட்டாவது படியில் பெரிது என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். காயம் பட்டவரின் சொந்த உள்ளங்கையை விடப் பெரியதென்றால் மருத்துவமனைதான். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால் அளவைப் பார்க்க வேண்டாம். வெளுத்தோ கருகியோ போய் வலியே தெரியவில்லை என்றால், ஆழமாக வெந்திருக்கலாம் என்று பொருள். அதைத் தேறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ சுட்டாலும், குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். புகையை உள்ளிழுத்து மூச்சுத் திணறினால் உடனே 108.

வீட்டிலேயே ஆறவிடும் காயத்தில் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.